ஆஸ்பத்திரி மணிக்கூடு காட்டிய 6.20

"வணக்கம் ஐயா. நான் 18.08.1997 அன்று கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரியில் பிறந்தேன். அட்டையில் காலை 6.20 என்று இருக்கிறது. இப்போது ரொறன்ரோவில் இருக்கிறேன். அம்மப்பா யாழ்ப்பாணத்தில் எழுதுவித்த குறிப்பில் கடக லக்னம், 'ஞாயிறு இரவு 59 நாழிகை 25 விநாடி' என்று உள்ளது. ஆனால் நான் பிறந்தது திங்கட்கிழமை. போனில் போட்டால் சிம்ம லக்னம் வருகிறது. கடகம் என்றால் செவ்வாய் தோஷம், சிம்மம் என்றால் இல்லை என்று பெண் வீட்டார் சொல்கிறார்கள். 'நல்ல வெளிச்சம் வந்துவிட்டது, நேரத்தைப் பிந்தித்தான் எழுதினார்கள்' என்கிறார் அம்மா. என் வாழ்க்கைச் சம்பவங்களை எழுதி அனுப்பினால் நேரத்தைத் திருத்தித் தருவீர்களா?"

தம்பி, சம்பவங்களை எழுதுவதை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். உங்கள் குறிப்புக்கும் போனுக்கும் இடையில் நிற்பது ஒரு அரை மணி நேரம். அது ஆஸ்பத்திரியில் யாரும் விட்ட பிழை இல்லை. அரசாங்கம் மணிக்கூட்டைத் திருப்பி வைத்ததால் வந்தது.

1996இல் இலங்கையில் மழை பொய்த்து, நீர்மின் நிலையங்கள் ஓடத் தண்ணீர் இல்லாமல், மின்வெட்டு கடுமையாக இருந்தது. மாலையில் விளக்கு எரியும் நேரத்தைக் குறைப்பதற்காக அந்த வருடம் மே 25ஆம் திகதி மணிக்கூட்டை ஒரு மணி நேரம் முன்னுக்குத் தள்ளினார்கள். கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முந்தியிருந்த நம் நேரம் ஆறரை ஆனது. அக்டோபர் 26இல் அதில் அரை மணியைக் குறைத்து ஆறு மணி ஆக்கினார்கள். அப்படியே பத்து வருடம் ஓடியது. 2006 ஏப்ரல் 15இல்தான் பழையபடி ஐந்தரைக்கு வந்தார்கள். 'பழைய நேரமா, புதிய நேரமா?' என்று கேட்டுக் கேட்டுப் பேசிய காலம் அது. உங்கள் அம்மாவுக்கும் நினைவிருக்கும்.

நீங்கள் பிறந்தது 1997 ஆகஸ்டில். ஆஸ்பத்திரிச் சுவரில் இருந்த மணிக்கூடு புதிய நேரத்தைக் காட்டியது. அது 6.20 என்றால் பழைய நேரப்படி 5.50. நம் பஞ்சாங்கக் கணக்கு, இந்திய நேரக் கணக்கு எல்லாவற்றுக்கும் எடுக்க வேண்டியது இந்த 5.50தான். உங்கள் போன் 6.20ஐ அப்படியே பழைய நேரமாக எடுத்துக்கொண்டிருக்கிறது.

இதை நான் சொல்லித்தான் நம்ப வேண்டும் என்றில்லை, நீங்களே பார்க்கலாம். போனில் உங்கள் சாதகத்தைத் திறந்து, அன்றைய சூரிய உதயம் எத்தனை மணி என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். கொழும்பில் ஆகஸ்ட் நடுவில் சூரியன் பழைய நேரப்படி 6.04 வாக்கில் உதிக்கும். புதிய நேரப்படி அது 6.34. போன் 6.04 என்று காட்டினால், அது பழைய நேரத்தில் கணக்குப் போடுகிறது, அதில் நீங்கள் புதிய நேரத்தைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். நேர வலயத்தைக் கேட்கும் மென்பொருள் என்றால் Asia/Colombo என்று கொடுங்கள், அந்தப் பெயருக்குள் இந்த மாற்றங்கள் எல்லாம் பதிவாகியிருக்கின்றன. எண்ணாகக் கேட்டால் +06:00 என்று கொடுங்கள். இன்னொன்று, பிறந்த இடம் கொழும்பு என்று இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சில போன்கள் நாம் இப்போது இருக்கும் ஊரைத் தாமாகவே போட்டுவிடும். ரொறன்ரோ என்று விழுந்தால் கணக்கே பிழைத்துவிடும்.

அந்தப் பத்து வருடத்தில் இலங்கையில் பிறந்த எல்லோருக்கும் கண்ணை மூடிக்கொண்டு அரை மணியைக் கழிக்கவும் கூடாது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளில் பழைய நேரத்தையே வைத்திருந்தார்கள். வன்னியில் பிறந்த ஒரு பிள்ளையின் சாதகத்தில் நானே யோசிக்காமல் அரை மணியைக் கழித்து லக்னத்தைப் பிழையாக எழுதிக் கொடுத்தேன். பிள்ளையின் அம்மா வந்து 'எங்களிடம் பழைய நேரந்தானே, ஐயா' என்று சொன்ன பிறகே திருத்தினேன். அதன் பிறகு எந்தத் திகதி, எந்த ஊர், அந்த ஊரில் அன்று எந்த நேரம் ஓடியது என்று கேட்காமல் நான் கட்டம் போடுவதில்லை. உங்கள் விஷயத்தில் கொழும்பு என்பதால் சந்தேகம் இல்லை.

சரி, இனி லக்னத்துக்கு வருவோம். நீங்கள் பிறந்தது ஆவணி பிறந்து இரண்டாம் நாள் விடியும் வேளையில். சூரியன் சிம்மத்துக்குள் வந்து ஒரு பாகையைத்தான் தாண்டியிருந்தது. சூரியன் உதிக்கும்போது சூரியன் நிற்கும் பாகைதான் லக்னமாக உதிக்கும். ஆகவே அன்று காலையில் கடகம் முடிந்து சிம்மம் தொடங்கிய வேளையும் சூரியன் எழுந்த வேளையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். திருக்கணிதப்படி போட்டுப் பார்த்தேன். ஆஸ்பத்திரி நேரத்தில் 6.20க்குக் கடகத்தில் ஏறத்தாழ 27ஆம் பாகை உதிக்கிறது. சிம்மம் தொடங்குவது 6.32, 6.33 அளவில். வாக்கியப்படி இந்தச் சந்தி சில நிமிடம் முன்பின்னாக வரலாம், ஆனால் உதயத்தை விட்டு அதிகம் விலகாது.

அதனால் உங்கள் லக்னக் கேள்வியை இப்படி எளிதாகக் கேட்டுவிடலாம்: நீங்கள் சூரியன் உதிக்க முன் பிறந்தீர்களா, உதித்த பின் பிறந்தீர்களா?

இதற்கு உங்கள் அம்மப்பா வைத்திருந்த குறிப்பிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் பிழை என்று நினைத்த அந்த ஞாயிற்றுக்கிழமைதான் பதில். நம் கணக்கில் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை, சூரிய உதயத்தில் மாறுகிறது. திங்கள் விடியமுன் பிறந்த பிள்ளை ஞாயிறு இரவில் பிறந்த பிள்ளைதான். அதனால் பிறப்புப் பத்திரத்தில் திங்கள் என்றும் குறிப்பில் ஞாயிறு என்றும் இருப்பது இயல்பு. திகதியும் ஆவணி 1 என்றே எழுதியிருப்பார், பாருங்கள்.

59 நாழிகை 25 விநாடி என்பது ஞாயிறு காலை உதயத்திலிருந்து நீங்கள் பிறக்கும் வரை சென்ற நேரம். ஒரு நாழிகை 24 நிமிடம், ஒரு விநாடி 24 செக்கன், ஒரு முழு நாளுக்கு 60 நாழிகை. ஞாயிறு உதயம் பழைய நேரம் 6.04. அங்கிருந்து திங்கள் அதிகாலை 5.50 வரை 23 மணி 46 நிமிடம். அதை 1426 நிமிடமாக்கி 24ஆல் வகுத்தால் 59 நாழிகையும் மிச்சம் பத்து நிமிடமும் வரும். பத்து நிமிடம் 25 விநாடி. குறிப்பில் உள்ள எண் அப்படியே வந்துவிட்டது. அதை எழுதிய சாத்திரியாரிடம் 6.20 என்று சொல்லியிருக்கிறார்கள், அவர் அரை மணியைக் கழித்துக் கொழும்பு உதயத்தை வைத்துச் சரியாகக் கணித்திருக்கிறார். கழிக்காமல் விட்டிருந்தால் 'திங்கள் பகல் 0 நாழிகை 40 விநாடி' என்று எழுதியிருப்பார், சிம்மம் என்றும் போட்டிருப்பார். இரண்டு முறை கழித்திருந்தால், அதாவது வீட்டார் ஏற்கெனவே பழைய நேரம் சொல்லி அவரும் கழித்திருந்தால், 58 நாழிகை சொச்சம் வந்திருக்கும். எழுதியவர் கவனமானவர்.

ஆகவே 6.20 என்பது சரி என்றால் கடகந்தான். இனி மிஞ்சுவது அந்த 6.20 எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வி.

பிரசவ அறையில் முதல் வேலை தாயையும் பிள்ளையையும் பார்ப்பது. நேரம் எழுதுவது அதற்குப் பிறகுதான். பிள்ளை வெளியே வந்து, அழுது, தொப்புள்கொடி வெட்டி, துடைத்த பிறகு தாதி மணிக்கூட்டைப் பார்த்திருக்கலாம். பார்த்த நேரத்தை ஐந்து நிமிடக் கணக்கில் முழுமையாக்கியும் எழுதியிருக்கலாம். 6.17 ஆக இருந்தது 6.20 ஆகியிருக்கலாம். இப்படி வரும் பிழைகளில் பெரும்பாலானவை எழுதிய நேரத்தை உண்மை நேரத்தை விடப் பிந்தியதாகவே காட்டும். உங்கள் அம்மா சொல்வதும் அதுதான், பிந்தித்தான் எழுதினார்கள் என்கிறார். அப்படியென்றால் நீங்கள் பிறந்தது 6.20க்கும் முன்னால். அது உங்களைச் சிம்மத்திலிருந்து இன்னும் விலக்கிக் கடகத்துக்குள் உள்ளே கொண்டுபோகிறது. சிம்மம் ஆக வேண்டுமானால் ஆஸ்பத்திரி மணிக்கூடு பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கி ஓடியிருக்க வேண்டும். அப்படி நினைக்க உங்களிடம் ஒரு காரணமும் இல்லை.

அம்மா சொன்ன வெளிச்சத்தை வைத்துச் சூரியன் உதித்துவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். கொழும்பில் உதயத்துக்கு இருபது நிமிடம் முன்பே முற்றத்தில் முகம் தெரியும் அளவுக்கு வெளிச்சம் வந்துவிடும். அன்று புதிய நேரம் 6.14 அளவிலேயே அந்த வெளிச்சம் இருந்திருக்கும். 6.20க்கு நல்ல வெளிச்சம் என்று அம்மா சொல்வது நேரத்தோடு பொருந்துகிறது, முரண்படவில்லை. அவரிடம் வேறு விதமாகக் கேட்டுப் பாருங்கள்: ஜன்னலால் வெயில் விழுந்ததா? விளக்கு எரிந்துகொண்டிருந்ததா, அணைத்துவிட்டார்களா? 'கடகமா சிம்மமா' என்று அவரிடம் கேட்க வேண்டாம். உங்கள் கல்யாணம் நடக்க வேண்டும் என்ற ஆசையில் எது நல்லதோ அதைத்தான் அவர் மனம் நினைவுபடுத்தும்.

இனிப் பெண் வீட்டாரின் கவலை. முதலில் இந்த அரை மணி நேரத்தால் மாறாதவற்றைச் சொல்கிறேன். நீங்கள் பிறந்தது பௌர்ணமியும் அவிட்டமும் கூடிய விடியலில். சந்திரன் மகரத்தில் 25ஆம் பாகையை ஒட்டி, அவிட்டம் முதற்பாதத்தில் நின்றது. உங்கள் நேரத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்துக்கு இந்தப் பாதம் மாறாது. தினம், கணம், யோனி, ராசி, ரச்சு என்று பார்க்கும் பொருத்தங்கள் எல்லாம் நட்சத்திரத்தையும் ராசியையும் வைத்தே பார்க்கப்படுகின்றன. லக்னம் எதுவானாலும் அவற்றில் ஒன்றும் மாறாது. பொருத்தத்தை ஏற்கெனவே பார்த்திருந்தால் திரும்பப் பார்க்கத் தேவையில்லை.

மாறுவது கிரகங்கள் நிற்கும் வீடு. செவ்வாய் துலாத்தில் இருக்கிறது. கடகத்திலிருந்து எண்ணினால் நாலாம் இடம். இரண்டு, நாலு, ஏழு, எட்டு, பன்னிரண்டில் செவ்வாய் இருந்தால் தோஷம் என்பது வழக்கம், அதனால்தான் பயப்படுகிறார்கள். சிம்மத்திலிருந்து எண்ணினால் மூன்றாம் இடம், தோஷமில்லை. ஆனால் அதே மரபு இன்னொன்றும் சொல்கிறது. கடகத்துக்கும் சிம்மத்துக்கும் செவ்வாய் யோகம் தரும் கிரகம். கடகத்துக்கு ஐந்துக்கும் பத்துக்கும் அதிபதி, சிம்மத்துக்கு நாலுக்கும் ஒன்பதுக்கும் அதிபதி. ஆகவே இந்த இரண்டு லக்னத்தில் பிறந்தவர்களுக்குச் செவ்வாய் தோஷம் கொள்வதில்லை என்று பலர் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன். சந்திரனிலிருந்து எண்ணினாலும் செவ்வாய் பத்தாம் இடத்தில், அதிலும் குற்றமில்லை. சுக்கிரன் கன்னியில் இருப்பதால் அங்கிருந்து இரண்டாம் இடம் ஆகிறது. சுக்கிரனிலிருந்தும் பார்ப்பவர்கள் அதைச் சிறிய தோஷமாகக் கணக்கில் எடுப்பார்கள், அதுவும் எந்த லக்னமானாலும் ஒன்றுதான். பெண் வீட்டுச் சாத்திரியார் விலக்கை ஏற்காதவராக இருந்தால் அது அவருடைய முறை. அதை அவரோடு பேசித் தீர்க்கலாம். அதற்காக லக்னத்தை மாற்றக் கூடாது.

சிம்மம் வந்தால் எல்லாம் சுத்தமாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். ராகு சிம்மத்தில், கேது கும்பத்தில். கடக லக்னம் என்றால் ராகு இரண்டில், கேது எட்டில். சிம்ம லக்னம் என்றால் ராகு லக்னத்தில், கேது களத்திர ஸ்தானமாகிய ஏழில். இரண்டிலும் ராகு கேதுவைப் பார்த்தே சேர்க்க வேண்டும். அதற்கு மேல் ஏழுக்கு உடைய சனி மீனத்தில் இருக்கிறது. கடகத்துக்கு அது ஒன்பதாம் இடம், சிம்மத்துக்கு எட்டாம் இடம். ஏழாம் அதிபதி எட்டில் மறைவதை எந்தச் சாத்திரியாரும் விட்டுவிட மாட்டார். செவ்வாய்க்குப் பயந்து சிம்மத்தைக் கொடுத்தால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டி வரும்.

சம்பவங்களை வைத்துத் திருத்துவது பற்றிக் கேட்டிருந்தீர்கள். நான் அதைச் செய்வதுண்டு, ஆனால் எழுத்தில் எந்த நேரமும் இல்லாதபோது, அல்லது லக்னம் சரியாகச் சந்தியில் விழும்போது. அப்போதும் திருமணம், தாய் தந்தை மரணம், பிள்ளை பிறப்பு போல நாள் தெரிந்த பெரிய சம்பவங்கள் வேண்டும். உங்கள் விஷயத்தில் அந்த முறை எதைத் தீர்க்கும் என்று பாருங்கள். பிறக்கும்போது செவ்வாய் தசை இருப்பு ஆறு வருடத்தை ஒட்டி. பிறந்த நேரத்தில் அரை மணி கூடினால் அந்த இருப்பில் ஏறக்குறைய இரண்டு மாதம் குறையும், அவ்வளவுதான். 2003 வரை செவ்வாய் தசை, 2021 வரை ராகு தசை, இப்போது வியாழ தசை என்ற ஒழுங்கு இரண்டு கட்டத்திலும் ஒன்றே. நீங்கள் 2019இல் கனடா போனீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ராகு தசையில் வெளிநாடு என்று கடகத்துக்கும் சொல்லலாம், சிம்மத்துக்கும் சொல்லலாம். விருப்பமான பதிலை மனதில் வைத்துக்கொண்டு தேடினால் இரண்டுக்கும் சாட்சி கிடைக்கும். அதனால்தான் எழுதிய நேரமும் நாழிகைக் கணக்கும் ஒத்துப்போகும் இடத்தில் நான் சம்பவத்தைத் தொடுவதில்லை.

ஒரு எல்லையையும் சொல்ல வேண்டும். ராசிக் கட்டம் உறுதி, நவாம்சத்தில் லக்னம் உறுதியில்லை. ஒரு நவாம்சம் உதிக்க அன்று சுமார் பதின்மூன்று நிமிடம் எடுத்தது. உங்கள் 6.20க்கு ஒரு நிமிடத்துக்கும் குறைவாக முன்னால்தான் கடகத்தின் எட்டாவது நவாம்சமான கும்பம் முடிந்து ஒன்பதாவதான மீனம் தொடங்குகிறது. தாதி இரண்டு நிமிடம் பிந்திப் பார்த்திருந்தாலே அம்ச லக்னம் கும்பம். எனவே அம்ச லக்னத்தை வைத்து யாராவது உங்களுக்குத் திருமண பலன் சொன்னால், அது எந்த நிமிடத்தில் நிற்கிறது என்று கேளுங்கள். அம்சத்தில் மற்றக் கிரகங்கள் நிற்கும் இடத்தைப் பார்ப்பதற்குத் தடையில்லை. சில நிமிட வித்தியாசத்தில் அவை இடம் மாறுவது அரிது.

பெண் வீட்டாருக்கு அம்மப்பாவின் குறிப்பையே கொடுங்கள். அதோடு ஒரு தாளில் இப்படி எழுதி வையுங்கள்: 'ஆஸ்பத்திரி நேரம் காலை 6.20, புதிய நேரம். பழைய நேரம் 5.50. உதயத்துக்கு முன்.' இந்த மூன்றும் இருந்தால் எந்தச் சாத்திரியார் போட்டாலும் ஒரே கட்டம் வரும். போனில் வந்த சிம்மக் கட்டத்தை யாருக்காவது அனுப்பியிருந்தால், அது அரை மணி பிழை என்று நீங்களே சொல்லிவிடுங்கள். பிறகு அவர்களாகக் கண்டுபிடித்தால் நேரத்தை மறைத்தீர்கள் என்று நினைப்பார்கள்.

குறிப்பின் முதற்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்புங்கள். தசை இருப்பும் ஆவணித் திகதியும் நான் சொன்னபடி இருக்கின்றனவா என்று பார்க்கிறேன். பெண்ணின் குறிப்பையும் அனுப்புங்கள். அவரும் 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடையில் இலங்கையில் பிறந்தவர் என்றால், எந்த ஊரில் பிறந்தார், குறிப்பில் உள்ளது பழைய நேரமா புதிய நேரமா என்று அவர்கள் வீட்டில் கேட்டு எழுதுங்கள்.